‘மிக’ என்ற சொல்லை யார் எடுத்தது?

(மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதழியல் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமாகிவிடும். ‘கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு.’ அதில் ‘ஓரிரு இடங்களில்’ என்று வருகிறதே, அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாசிப்பவர் மூச்சு விட இடம் கொடுப்பதற்காக வைத்த சொல் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஓர் அளவு. ஒரு வட்டாரத்தில் இருக்கிற மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேல் போகாமல் மழை பதிவானால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை ‘ஓரிரு’ என்று சொல்லும். 75-ஐத் தாண்டினால் ‘பெரும்பாலான இடங்களில்’. நடுவில் இன்னும் இரண்டு படிகள். ‘ஓரிரு’வை நான் எடுத்துவிட்டு ‘கடலோர மாவட்டங்களில் கனமழை’ என்று எழுதினால் வாக்கியம் சுருங்கவில்லை, முன்னறிவிப்பே மாறிவிடுகிறது.

இன்றைக்கு நான் பேச வந்தது இதே வகைச் சொற்களைப் பற்றித்தான், ஆனால் வேறோர் ஆவணத்தில். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக்குழு, அதாவது ஐ.பி.சி.சி., சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பீட்டறிக்கை வெளியிடுகிறது. அதைத் தமிழில் சுருக்கித் தருகிறவர்கள் உங்களில் சிலர். நானும் அந்த வேலை செய்தவன்தான். செய்து, பிடிபட்டவன்.

2021 ஆகஸ்ட் 9 அன்று ஆறாவது அறிக்கையின் முதல் பகுதி வெளிவந்தது. ஒரு மாத இதழுக்காக இரண்டு நாளில் அதைச் சுருக்கிக் கொடுத்தேன். அதில் புயலைப் பற்றி இப்படி ஒரு வரி: ‘காலநிலை மாற்றத்தின் விளைவாகக் கடந்த 40 ஆண்டுகளில் உலகெங்கும் புயல்களும் அவற்றின் சீற்றமும் அதிகரித்துள்ளன.’ சரளமான வரி. எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. இதழ் கடைக்கு வந்து நாலைந்து நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. துறைமுகப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்.

“சார், புயல் எண்ணிக்கை கூடிடுச்சுன்னு ஐ.பி.சி.சி. எந்தப் பத்தியில சொல்லுது? பத்தி நம்பர் மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.”

“ஏ.3.4-னு நினைக்கிறேன் சார்.”

“அதைத்தான் நானும் படிச்சேன். அதுல அப்படி இல்லையே?”

எடுத்துப் பார்த்தேன். இல்லை.

அந்தப் பத்தியை உங்கள் முன்னால் பிரித்து வைக்கிறேன். நாலைந்து வரிதான். ஆனால் அதற்குள் ஐந்து தனித்தனிச் செய்திகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முத்திரை. முதல் செய்தி: உலகில் உருவாகும் புயல்களில் மூன்றாம் வகையிலிருந்து ஐந்தாம் வகை வரையான கடும் புயல்களின் பங்கு, கடந்த 40 ஆண்டுகளில் கூடியிருக்கிறது, இதற்கு முத்திரை ‘லைக்லி’. இரண்டாவது: வடமேற்குப் பசிபிக்கில் புயல்கள் உச்ச வலுவை அடையும் இடம் வடக்கு நோக்கி நகர்ந்திருக்கிறது, இதற்கு ‘வெரி லைக்லி’. மூன்றாவது: இந்த மாற்றங்களை இயற்கையான ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது, இதற்கு ‘மீடியம் கான்ஃபிடன்ஸ்’. நான்காவது: எல்லா வகைப் புயல்களையும் சேர்த்து, பல பத்தாண்டுகளில், நூற்றாண்டுகளில் எண்ணிக்கை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வதற்கு ‘லோ கான்ஃபிடன்ஸ்’. ஐந்தாவது: மனிதரால் வந்த காலநிலை மாற்றம் புயலோடு சேர்ந்து கொட்டும் கனமழையை அதிகரிக்கிறது, இதற்கு ‘ஹை கான்ஃபிடன்ஸ்’. ஆனால் அதோடு ஒட்டியே, உலக அளவில் கடந்தகாலப் போக்கைத் தெளிவாகக் காட்டப் போதிய தரவு இல்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது என் வரியைப் பாருங்கள். ‘புயல்கள் அதிகரித்துள்ளன’ என்றேன். எது கூடியது என்று அறிக்கை சொல்கிறது? பங்கு. எண்ணிக்கை அல்ல. ஒரு கடலில் ஆண்டுக்குப் 10 புயல் வந்து அதில் 3 கடும் புயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு நூற்றுக்கு 30. பிறகு 8 புயல்தான் வருகிறது, அதிலும் 3 கடும் புயல். பங்கு 37-க்கு மேல் போய்விட்டது. கடும் புயல் ஒன்றுகூடக் கூடவில்லை, மொத்தப் புயல் குறைந்திருக்கிறது. (எண்கள் நான் இட்டுக்கட்டியவை, கணக்கு புரிவதற்காக.) பங்கு என்ற ஒரு சொல்லை விழுங்கியதால், எதைப் பற்றி அறிக்கை ‘எங்களிடம் சான்று போதாது’ என்று சொன்னதோ அதையே நான் நடந்து முடிந்த உண்மையாக அறிவித்துவிட்டேன்.

அடுத்தது, ‘லைக்லி’ எங்கே? போய்விட்டது. ‘அதிகரித்துள்ளன’ என்ற வினைமுற்று அதைத் தின்றுவிட்டது. தமிழ் வினைமுற்றுக்கு ஒரு பலம் உண்டு. ‘உள்ளன’ என்று முடித்தால் முடிந்தது. அதற்குள் ஐயத்துக்கு இடமே இல்லை. மூன்றாவது, ‘விளைவாக’ என்று எழுதினேனே, அது ‘மீடியம் கான்ஃபிடன்ஸ்’ முத்திரை பெற்ற செய்தி. அதுவும் ‘இயற்கை மட்டுமே காரணமாக இருக்க முடியாது’ என்ற அளவில்தான் அங்கே இருக்கிறது. நான் அதை எடுத்து வாக்கியத்தின் தலையில் வைத்து, எல்லாவற்றுக்கும் காரணமாக்கிவிட்டேன்.

நான்காவது பிழை பக்கத்தை வடிவமைக்கும்போது நடந்தது. வரிக்கு மேலே கஜா புயலில் சாய்ந்த தென்னந்தோப்புப் படம். அதில் தவறு என்ன என்று கேட்பீர்கள். படத்தைப் பார்க்கிறவர் ‘உலகெங்கும்’ என்பதை வங்கக் கடல் என்று வாசிப்பார். பத்தி வங்கக் கடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முத்திரை என்பது அந்த இடத்துக்கும் அந்தக் காலத்துக்கும் மட்டும் குத்தியது. பசிபிக்குக்குக் குத்திய ‘வெரி லைக்லி’யை நாகப்பட்டினத்துக்கு எடுத்து வர முடியாது.

‘லோ கான்ஃபிடன்ஸ்’ என்று ஏன் சொன்னார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அதை வெட்ட மனம் வராது. செயற்கைக்கோள் வானில் நிலைபெறுவதற்கு முன்பு, நடுக்கடலில் எழுந்து நடுக்கடலிலேயே அடங்கிய புயலை யார் பார்த்தார்கள்? கப்பல் ஒன்று அந்தப் பக்கம் போயிருந்தால் உண்டு. 1900-ல் பதிவான எண்ணிக்கையையும் 2000-ல் பதிவான எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கூடியது புயலா, பார்க்கிற கண்ணா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே அங்கே ‘சான்று போதாது’ என்பதற்கு ‘கூடவில்லை’ என்று பொருள் அல்ல. கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், அப்படியே இருந்திருக்கலாம். என் நண்பர் ஒருவர், என்னை விடக் கவனமானவர், இதே பத்தியைச் சுருக்கும்போது ‘புயல்களின் எண்ணிக்கை அதிகரிக்கவில்லை’ என்று எழுதினார். நான் ஒரு பக்கம் சாய்ந்தேன், அவர் மறுபக்கம்.

சரி, இந்த முத்திரைகள் எங்கிருந்து வந்தன? ஐ.பி.சி.சி. இரண்டு தனித் தராசுகள் வைத்திருக்கிறது. இரண்டையும் குழப்புவதுதான் சுருக்குகிறவர்களின் முதல் நோய்.

ஒன்று, நிகழ்தகவுத் தராசு. இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எண் உண்டு. ‘லைக்லி’ என்றால் நூற்றுக்கு 66-க்குக் குறையாது. ‘வெரி லைக்லி’ 90-க்குக் குறையாது. ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ 95. ‘வர்ச்சுவலி சர்ட்டன்’ 99. கீழ்ப்பக்கமும் இதே கண்ணாடி பிம்பம்: ‘அன்லைக்லி’ என்றால் 33-க்கு மேல் போகாது, ‘வெரி அன்லைக்லி’ 10-க்கு மேல் போகாது. நடுவில், நடக்கவும் நடக்காமல் இருக்கவும் ஏறத்தாழச் சம வாய்ப்பு என்று ஒன்று, 33-லிருந்து 66 வரை.

மற்றது ‘கான்ஃபிடன்ஸ்’ தராசு. இதில் எண் கிடையாது. வேண்டுமென்றேதான் இல்லை. சான்று எவ்வளவு இருக்கிறது, அந்தச் சான்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற இரண்டையும் பார்த்து ஆசிரியர்கள் போடும் தீர்ப்பு அது. மிகக் குறைவு தொடங்கி மிக அதிகம் வரை ஐந்து படி. ‘ஹை கான்ஃபிடன்ஸ்’ என்பதை ‘80 விழுக்காடு உறுதி’ என்று மொழிபெயர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த 80 மொழிபெயர்த்தவரின் சொந்தச் சொத்து.

இரண்டு தராசையும் எல்லா எழுத்தாளர் குழுக்களும் ஒரே மாதிரி பயன்படுத்த வேண்டும் என்பதற்காக 2010-ல் ஒரு வழிகாட்டுக் குறிப்பு எழுதப்பட்டது. ஐந்தாம், ஆறாம் அறிக்கைகள் அதன்படி நடந்தன. கொள்கை வகுப்போருக்கான சுருக்கம் என்று ஒரு பகுதி முன்னால் இருக்கிறதே, அதை உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் வரி வரியாகப் படித்து ஒப்புதல் தருகிறார்கள். ஒரு ‘வெரி’ உள்ளே வரவும் வெளியே போகவும் விவாதம் நடக்கும். அந்த ‘வெரி’யைத்தான் நாம் இரவு பதினோரு மணிக்கு, வரி அடுத்த பத்திக்குள் தள்ளுகிறது என்பதற்காக வெட்டுகிறோம்.

அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. பூமி சூடாவதில் மனிதரின் பங்கு என்ன என்ற கேள்விக்கு, 2001 அறிக்கை, கடந்த 50 ஆண்டு வெப்ப உயர்வில் பெரும்பகுதிக்குப் பசுங்குடில் வாயுக்களே காரணம் என்பதற்கு ‘லைக்லி’ போட்டது. 2007-ல் அது ‘வெரி லைக்லி’. 2013-ல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’. 2021-ல் முத்திரையையே எடுத்துவிட்டார்கள். மனிதர்கள் காற்றையும் கடலையும் நிலத்தையும் சூடாக்கியிருப்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை என்று எழுதிவிட்டார்கள். நான்கு முறையும் நம் நாளிதழ்களில் ‘புவி வெப்பமடைய மனிதர்களே காரணம்: ஐ.நா. அறிக்கை’ என்றே தலைப்புப் போட்டால், வாசகர் என்ன நினைப்பார்? இதைத்தானே போன முறையும் சொன்னார்கள் என்பார். 20 ஆண்டில் என்ன நடந்தது என்பது அந்த அடைமொழியில் மட்டும்தான் தெரிகிறது.

இனி, தமிழ்ச் சிக்கலுக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும்.

ஆங்கில மூலத்தில் இந்த அளவுச் சொற்களைச் சாய்வெழுத்தில் அச்சிடுகிறார்கள். சாய்ந்திருந்தால் அது அளவு என்று படிக்கிறவருக்குத் தெரியும். தமிழ் அச்சில் சாய்வெழுத்துப் பழக்கம் நமக்கு அதிகம் இல்லை. சில எழுத்துருக்களில் சாய்த்தால் படிக்கவும் முடியாது. ஆகவே மொழிபெயர்த்த உடனே முதல் அடையாளம் தொலைந்துபோகிறது. மிச்சம் இருப்பது சொல் மட்டும். சொல்லும் நழுவினால் எதுவும் இல்லை.

‘லைக்லி’க்கு நம் கைக்கு முதலில் வருவது ‘பெரும்பாலும்’. இது ஆபத்தான சொல். ‘பெரும்பாலும் மழை பெய்யும்’ என்றால் மழை பெய்ய வாய்ப்பு அதிகம் என்றும் பொருள். பெரும்பாலான நாட்களில் பெய்யும் என்றும் பொருள். புயல் பத்தியில் ‘கடும் புயல்களின் பங்கு பெரும்பாலும் கூடியுள்ளது’ என்று எழுதினால், பல கடல்களில் கூடியது, சிலவற்றில் கூடவில்லை என்றுதான் நான் படிப்பேன். ‘அநேகமாக’வும் இதே கதைதான், கொஞ்சம் பேச்சுத்தொனி வேறு. 

அடுத்தது ‘-லாம்’, ‘கூடும்’. ‘கூடியிருக்கலாம்.’ இதில் எண்ணே இல்லை. நூற்றுக்கு 5 என்றாலும் ‘கூடியிருக்கலாம்’தான், 95 என்றாலும் ‘கூடியிருக்கலாம்’தான். மேசைமேல் வைத்த சாவியைக் காணோம் என்றால், ‘பூனை தள்ளியிருக்கலாம்’ என்கிறோம். ஐ.பி.சி.சி. 90-க்கு மேல் என்று சொன்னதை அந்தப் பூனைக்குச் சமமாக்குவது கூட்டிச் சொல்வதைப் போலவே பெரிய தவறு. கூட்டிச் சொன்னால் யாராவது தொலைபேசியில் கேட்பார்கள்; குறைத்துச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் அது நம் சுருக்கங்களில் நிறைய இருக்கிறது.

நான் இப்போது பயன்படுத்துவது ‘வாய்ப்பு அதிகம்’, ‘வாய்ப்பு மிக அதிகம்’, ‘வாய்ப்பு மிகமிக அதிகம்’, ‘ஏறக்குறைய உறுதி’. அழகில்லை, தெரியும். ஆனால் நான்கும் ஒரே ஏணியின் படிகள் என்று பார்த்த உடனே தெரிகிறது. ஓர் இதழில் ஒருமுறை ‘வாய்ப்பு மிக அதிகம்’ என்று போட்டால், அடுத்த பக்கத்தில் அலுப்பாக இருக்கிறது என்று ‘பெருமளவு சாத்தியம்’ என்று மாற்றக்கூடாது. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று சொல்லிக் கொடுத்தார். அது நல்ல அறிவுரை. இந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஆகாது. கிலோவை மறுபடியும் கிலோ என்றுதானே எழுதுகிறோம்?

‘கான்ஃபிடன்ஸ்’ என்பதற்கு ‘நம்பிக்கை’ வேண்டாம். ‘விஞ்ஞானிகளுக்குக் குறைந்த நம்பிக்கையே உள்ளது’ என்று எழுதினால், அவர்களே அதை நம்பவில்லை என்று ஆகிவிடுகிறது. நான் ‘சான்றுறுதி’ என்று ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். முதல் தடவை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுவேன். உங்களுக்கு வேறு சொல் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது ‘அன்லைக்லி’. அதைத் தமிழில் ‘வாய்ப்பில்லை’ என்கிறோம். ‘இன்று மழைக்கு வாய்ப்பில்லை’ என்று கேட்டுப் பழகிய காது. ஆனால் ‘இல்லை’ என்றால் பூச்சியம். 2019-ல் கடல்களையும் பனிப்பரப்பையும் பற்றி ஐ.பி.சி.சி. ஒரு சிறப்பறிக்கை தந்தது. அட்லாண்டிக் கடலில் வெப்பநீரை வடக்கே கொண்டுபோகும் பெரிய நீரோட்டம் இந்த நூற்றாண்டில் வலுவிழக்கும் என்பதற்கு ‘வெரி லைக்லி’ போட்டது; அது முற்றிலும் நின்றுபோவது ‘வெரி அன்லைக்லி’ என்றது, அதுவும் ‘மீடியம் கான்ஃபிடன்ஸ்’ என்ற குறிப்போடு. இதை ‘நீரோட்டம் நின்றுபோக வாய்ப்பே இல்லை’ என்று எழுதினால்? தராசின்படி அது நூற்றுக்கு 10 வரை இருக்கலாம். பத்துத் தடவைக்கு ஒரு தடவை கவிழும் படகில் நீங்கள் குழந்தையை ஏற்றுவீர்களா? ‘வாய்ப்பு மிகக் குறைவு’ என்று எழுத வேண்டும். ‘இல்லை’ என்ற சொல் அந்தப் பக்கமே வரக்கூடாது. 2021 அறிக்கை இதே செய்தியை நிகழ்தகவுத் தராசிலிருந்து எடுத்து மற்றத் தராசில் வைத்தது: 2100-க்கு முன் திடீரென நின்றுபோகாது என்பதற்கு ‘மீடியம் கான்ஃபிடன்ஸ்’ என்று மட்டும் சொன்னது. இரண்டு அறிக்கையையும் ‘வாய்ப்பில்லை’ என்றே சுருக்கியவருக்கு இந்த நகர்வு கண்ணில் படவே படாது.

இன்னொரு வில்லங்கம், நம் ஊருக்கே உரியது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆங்கில அறிக்கைகளிலும் ‘லைக்லி’, ‘வெரி லைக்லி’ என்ற சொற்கள் வருகின்றன. ஆனால் அவர்கள் அட்டவணையில் ‘லைக்லி’ ஏறத்தாழ 25-லிருந்து 50 வரை. ‘வெரி லைக்லி’ 50-லிருந்து 75 வரை. 75-க்கு மேல் போனால் ‘மோஸ்ட் லைக்லி’. யாரும் தப்புச் செய்யவில்லை. நாளை மழைக்கு ஒரு தராசு, நூற்றாண்டுக் காலநிலைக்கு ஒரு தராசு. ஆனால் ஒரே நாளிதழில் மூன்றாம் பக்கத்து ‘வாய்ப்பு அதிகம்’ பாதிக்கும் கீழே, ஏழாம் பக்கத்து ‘வாய்ப்பு அதிகம்’ மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே. வாசகருக்கு எப்படித் தெரியும்? எண்ணைப் பக்கத்தில் எழுதினால்தான் தெரியும்.

எண்ணை எழுதுவதால் பயன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். டேவிட் புடெஸ்கு என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஐ.பி.சி.சி. வாக்கியங்களை மக்களிடம் கொடுத்து, இந்தச் சொல் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 2014-ல் வெளியான ஆய்வில் 24 நாடுகள், 17 மொழிகள். மொழி எதுவானாலும் ஒரே போக்கு: மக்கள் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கிறார்கள். ‘வெரி லைக்லி’யை 90-க்கு வெகு கீழே வைக்கிறார்கள், ‘வெரி அன்லைக்லி’யை 10-க்கு வெகு மேலே வைக்கிறார்கள். தராசு அட்டவணை கையில் இருந்தும் இப்படித்தான். சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணையும் அச்சிட்டபோது விலகல் குறைந்தது. பின்னிணைப்பில் அட்டவணை போட்டிருக்கிறேன் என்று நீங்கள் சொன்னால், அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை என்று நான் சொல்வேன்.

அப்படியானால் என் புயல் பத்தியை எப்படி எழுதியிருக்க வேண்டும்? பிறகு ஒரு தொகுப்பு நூலுக்காகத் திருத்தி எழுதியது இது:

‘உலகில் உருவாகும் புயல்களில், மூன்று முதல் ஐந்தாம் வகை வரையான கடும் புயல்களின் பங்கு கடந்த 40 ஆண்டுகளில் கூடியிருக்க வாய்ப்பு அதிகம் (நூற்றுக்கு 66-க்குக் குறையாது). வடமேற்குப் பசிபிக்கில் புயல்கள் உச்ச வலுவடையும் இடம் வடக்கே நகர்ந்திருக்க வாய்ப்பு மிக அதிகம் (90-க்குக் குறையாது). இவற்றை இயற்கையின் ஏற்ற இறக்கத்தால் மட்டும் விளக்க முடியாது. இதற்குச் சான்றுறுதி நடுத்தரம். புயல் தரும் கனமழையை மனிதரால் வந்த காலநிலை மாற்றம் அதிகரிக்கிறது என்பதற்குச் சான்றுறுதி அதிகம். ஆனால் உலக அளவில் கடந்தகாலப் போக்கைத் தெளிவாகக் காட்டத் தரவு போதாது. எல்லா வகைப் புயல்களையும் சேர்த்து எண்ணிக்கை நீண்ட காலத்தில் எப்படி மாறியது என்பதற்குச் சான்றுறுதி குறைவு. கூடியது என்றோ கூடவில்லை என்றோ இதைக் கொண்டு சொல்ல முடியாது.’

நீளமாகிவிட்டது. இடம் இல்லை என்றால் என்ன செய்வது? முத்திரையை வெட்டக்கூடாது, செய்தியை வெட்டலாம். பசிபிக் வரி நம் வாசகருக்குத் தேவையில்லை என்று நினைத்தால் அந்த வரியை முழுதாக எடுத்துவிடுங்கள். இரண்டு செய்தியை ஒட்டி ஒரே வரியாக்கி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு முத்திரை போடுவதுதான் கூடாது. அப்படி ஒட்டினால் பெரும்பாலும் உயர்ந்த முத்திரைதான் தங்கும். நம் கை அப்படி.

செய்தியை வெட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. உறுதியானதை வைத்துக்கொண்டு உறுதி குறைந்ததை எடுத்துவிடலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். கடல்மட்டத்தைப் பற்றிய பகுதியைப் பாருங்கள். வெளியேற்றம் மிக அதிகமாக இருக்கும் பாதையில், 1995–2014 சராசரியோடு ஒப்பிட 2100-க்குள் கடல்மட்டம் 0.63 மீட்டரிலிருந்து 1.01 மீட்டர் வரை உயரும். இந்த வீச்சுக்கு ‘லைக்லி’. உடனே நம் கை எழுதுவது: ‘கடல்மட்டம் அதிகபட்சம் 1 மீட்டர் உயரும்.’ அதிகபட்சம் என்ற சொல் அங்கே எங்கும் இல்லை. ‘லைக்லி’ வீச்சு என்றால் உண்மை அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்க நூற்றுக்கு 66-ஆவது வாய்ப்பு; மிச்சம் 34 வரை வெளியே இருக்கலாம், கீழேயும் மேலேயும். 2013 அறிக்கைக்கும் இதே கதி நேர்ந்தது. அப்போது மேல் எண் 0.98 மீட்டர். அதை உச்ச வரம்பு என்று பலரும் எடுத்துக்கொண்டதால், கடல்மட்ட அத்தியாயத்தை எழுதியவர்களே ‘சயன்ஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதி, நாங்கள் சொன்னது உச்ச வரம்பு அல்ல என்று விளக்க வேண்டியிருந்தது.

ஆறாம் அறிக்கை இந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தது. பனிப்படலங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் ஆழமான ஐயம் இருப்பதால், அதே பாதையில் 2100-க்குள் உயர்வு 2 மீட்டரை நெருங்குவதையும் விலக்கிவிட முடியாது என்றது. முத்திரை: ‘லோ கான்ஃபிடன்ஸ்’. உறுதி குறைந்ததை வெட்டு என்ற என் பழைய வழக்கப்படி, முதலில் போகிற வரி இதுதான். ஆனால் துறைமுகச் சுவர் கட்டுகிறவருக்கும், கடலோரத்தில் அனல்மின் நிலையத்துக்கு இடம் பார்க்கிறவருக்கும் அந்தப் பத்தி முழுவதிலும் வேண்டிய வரி இது ஒன்றாகத்தான் இருக்கும். சான்று குறைவு என்பது வேறு, நடந்தால் என்ன ஆகும் என்பது வேறு. என்னைத் தொலைபேசியில் கூப்பிட்ட பொறியாளர் வாழ்நாள் முழுதும் இந்த இரண்டாவது கேள்வியோடு வாழ்ந்தவர். 

வேலை முடிந்த பிறகு எப்படிச் சரிபார்ப்பது? நான் செய்வது எளிது. மூலப் பத்தியில் இருக்கும் அளவுச் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு எண்ணுவேன். என் சுருக்கத்திலும் எண்ணுவேன். நான் எடுத்துவிட்ட செய்திகளின் முத்திரைகளைக் கழித்த பிறகு இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவர வேண்டும். குறைந்தால் எங்கோ ஒன்றை வினைமுற்று தின்றிருக்கிறது. கூடினால் அறிக்கை வெறும் உண்மையாகச் சொன்னதன்மேல் நானாக ஒரு ‘கூடும்’ போட்டிருக்கிறேன். அதன் பிறகு, மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘நூற்றுக்கு எத்தனை உறுதி?’ என்று எழுதச் சொல்வேன். வீட்டில் என் மனைவிதான் அகப்படுவாள். புயல் வரியின் பழைய வடிவத்துக்கு அவள் போட்டது 100. “உள்ளனன்னு எழுதிட்டு எத்தனைன்னு கேட்டா என்ன போடறது?” என்றாள்.

கேள்வி நேரத்துக்கு முன்பே ஒரு மாணவி எழுதி அனுப்பியிருக்கிறார்: கட்டுரைக்குள் இதெல்லாம் சரி, தலைப்பில் என்ன செய்வது? தலைப்பில் அடைப்புக்குறிக்கும் எண்ணுக்கும் இடம் இல்லையே?

நியாயமான கேள்வி. என் வழக்கம் இது: முத்திரை இல்லாமல் நிற்கக்கூடிய செய்தியைத்தான் தலைப்பில் ஏற்றுவேன். இந்த நூற்றாண்டு முழுவதும் உலகக் கடல்மட்டம் உயர்ந்துகொண்டே இருக்கும் என்பது ‘வர்ச்சுவலி சர்ட்டன்’, 99-க்கு மேல். ‘கடல் உயர்வது நிற்காது’ என்று தலைப்பிட்டால் அந்த ஒரு விழுக்காட்டுக்காக யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எத்தனை மீட்டர் என்பது உள்ளே, முத்திரையோடு. புயலுக்கு அப்படி ஒரு தலைப்பு அந்தப் பத்தியில் கிடைக்கவில்லை. அதனால் தொகுப்பு நூலில் அந்தப் பகுதிக்கு ‘புயல்கள்’ என்று மட்டும் போட்டேன். பதிப்பாளர், “என்ன சார் இவ்வளவு மொட்டையா இருக்கு” என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.